மெத்தையில் மிச்சமிருக்கும் சூடு

"சார், கோலாலம்பூரில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து நாவல் எழுதுகிறேன். ஒரே ஃபிளாட்டில் ஒன்பது பேர், ஆனாலும் கதிர் தனி ஆள். 'தனிமை' என்று எழுதினால் படிப்பவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எழுதாவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள். சொல்லாமல் எப்படிக் காட்டுவது?"

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் பென்சிலும் கையுமாகப் படித்தேன். 'தனிமை' என்ற சொல் எங்குமே இல்லை. நல்லது. ஆனால் 'வெறுமை' நான்கு இடத்தில் இருக்கிறது. 'ஏதோ ஒன்று குறைவது போல' மூன்று முறை. 'கூட்டத்தில் தொலைந்தவனைப் போல' இரண்டு முறை. சொல்லைத்தான் மாற்றியிருக்கிறீர்கள், சொல்வதை இன்னும் விடவில்லை. வாசகன் அந்த இடங்களில் எல்லாம் 'சரி, பையன் தனியாக இருக்கிறான், புரிகிறது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். புரிந்துபோன விஷயத்தில் அவனுக்கு வேலை ஏதும் இல்லை.

நான் பார்த்தவரை சிக்கல் நடையில் இல்லை. தனிமை என்றால் ஆள் இல்லாதது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். செந்தூலில் ஒன்பது பேர் படுக்கும் வீட்டில் ஆளுக்கா பஞ்சம்? அங்கே இல்லாதது வேறு. தோட்டத்தில் விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. மண்டோர் பேர் கூப்பிடுவார். குரல் வரவில்லையென்றால் "எங்கடா இவன்?" என்பார், யாராவது ஒருத்தர் லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் தெரியும், முந்தின ராத்திரி குடித்துவிட்டுக் கிடந்தாலும் தெரியும். அரைமணி நேரம் ஒருவன் காணாமல் போக முடியாது.

இப்போது உங்கள் கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஒரு நாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. அதை முதலில் கவனிப்பது யார்? எத்தனை மணிக்கு? நாவலில் நீங்கள் இதை எழுத வேண்டியதில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மூன்று அத்தியாயத்திலிருந்தே நான் கணக்குப் போட்டேன். வீட்டில் மற்ற எட்டுப் பேரும் அவன் ஓவர்டைம் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார். மிச்சமிருப்பது கிடங்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தகவலும் இல்லாமல் விடுப்பும் கேட்காமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவன் ஒப்பந்தத்தை மீறியவன். ஆகவே மூன்றாவது நாள் சூப்பர்வைசர் புலனத்தில் ஒரு செய்தி அனுப்புவார். 'எங்கே இருக்கிறாய்' என்றுகூட இருக்காது, 'கடிதம் வரும்' என்றுதான் இருக்கும். அங்கே அரைமணி நேரம், இங்கே மூன்று நாள். கதிருடைய தனிமை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். எந்தக் காட்சியை எழுதினாலும் அது இந்தக் கணக்கின்மேல் நிற்கட்டும்.

சரி, உங்கள் பத்தி ஒன்றையே எடுத்துச் செய்து பார்ப்போம். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி:

"வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் கதிருக்கு யாரும் இல்லை. சன்னல் வழியே இரட்டைக் கோபுரத்தின் வெளிச்சம் தெரிந்தது. இத்தனை பெரிய நகரத்தில் தான் மட்டும் கைவிடப்பட்டதாக உணர்ந்தான். அவன் கண்களில் நீர் திரண்டது."

சன்னல், வெளிச்சம், கண்ணீர். மூன்றையும் வாசகன் இதற்கு முன் நூறு தடவை பார்த்திருக்கிறான். ஆனால் இதே அத்தியாயத்தில் இரண்டு பக்கத்துக்கு முன்னால், வாடகைக் கணக்குச் சொல்லும் இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள்: 'கதிரும் பினாங்குக்காரன் ஒருவனும் ஒரே மெத்தையை ஷிப்ட் மாற்றிப் பயன்படுத்தினார்கள், ஆளுக்குப் பாதி வாடகை.' அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியான பிறகும் பாதி மெத்தைக்கு வாடகை கொடுக்கிறான் பையன். அந்த மெத்தையின் அடுத்த பாதியில் தூங்குகிறவனை அவன் சரியாகப் பார்த்ததுகூடக் கிடையாது. புதையலை மிதித்துக்கொண்டே போய் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கிறீர்கள்!

அந்த வரியை வைத்துக்கொண்டு யோசிப்போம். பினாங்குக்காரனைப் பற்றிக் கதிருக்கு என்ன தெரியும்? முகம் அரைகுறையாகத் தெரியும். பேர் தெரியாது. ஆனால் அவன் தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறான் என்று தெரியும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்று மெத்தைப் பள்ளத்தைப் பார்த்தால் தெரியும், காற்றாடியை எத்தனாம் நம்பரில் வைப்பான் என்று தெரியும். பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரியும், பேர் மட்டும் தெரியாது. இனி இதை எப்படி வைப்பது என்று பாருங்கள். நான் எழுதிப் பார்த்தது இது, நீங்கள் இதைவிட நன்றாக எழுதுவீர்கள்:

"எட்டேகாலுக்குக் கதிர் வந்தபோது மெத்தை இன்னும் சூடாக இருந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டான். அந்தப் பக்கமும் தேங்காயெண்ணெய் வாசம்தான். காற்றாடி மூன்றில் இருந்தது. எழுந்து இரண்டுக்குத் திருப்பிவிட்டு வந்து படுத்தான். சாயங்காலம் புறப்படும்போது மறுபடி மூன்றுக்குத் திருப்பி வைத்தான். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை காலை வந்தபோது காற்றாடி இரண்டில் இருந்தது. கதிர் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு படுத்தான். அன்று தலையணையைத் திருப்பவில்லை."

இதில் அவன் என்ன உணர்ந்தான் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் காற்றாடி இரண்டில் இருப்பதைப் பார்த்து ஒருவன் பையை இறக்காமல் நிற்கிறான் என்றால், அதுவரை அவனுக்காக இந்த ஊரில் யாரும் எதையும் திருப்பி வைத்ததில்லை என்று வாசகன் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வான். தான் கண்டுபிடித்ததை அவன் மறக்கமாட்டான். இன்னொன்றும் கவனியுங்கள். தனிமையைக் காட்ட நான் அங்கே வைத்தது அன்பைத்தான், ஒரு சின்ன அன்பு. பசித்தவன் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் அவன் எத்தனை நாள் பட்டினி என்று தெரியும்.

இங்கே ஒரு தொழில் விஷயம். உங்கள் வரைவில் பினாங்குக்காரன் காலை ஆறு மணிக்கே போய்விடுகிறான். அப்படியானால் எட்டேகாலுக்கு மெத்தை சூடாக இருக்காது. எனக்குச் சந்தேகம் வந்து நானே செய்து பார்த்தேன். விடியற்காலை என் மெத்தையிலிருந்து எழுந்து, கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து தொட்டால் சில்லென்று இருந்தது. ஆகவே அவனுக்குக் கடைத்தொகுதியில் வேலை கொடுங்கள், எட்டு மணிக்கு மேல் கிளம்பட்டும். இருவரும் லிஃப்ட் வாசலில் தினமும் ஒருவரையொருவர் தாண்டிப் போவார்கள், சனிக்கிழமை ராத்திரி விளக்கணைத்த அறையில் அரைகுறையாகப் பார்த்த முகம்தான் என்பது புரியாமலேயே. வாசகனுக்கு மட்டும் தெரியும். சூடு என்ற ஒரே சொல் உண்மையாக இருக்க இரண்டு பேருடைய வேலை நேரத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது, பாருங்கள். இந்த மாதிரி நாவலில் இதைச் சோம்பல்பட்டு விட்டால் வாசகன் உடனே பிடித்துவிடுவான். அவனும் ஷிப்ட் வேலை பார்த்தவன்தான்.

பிறகு அவர்களை நண்பர்களாக்கிவிடாதீர்கள். எட்டாவது அத்தியாயத்திலோ ஒன்பதாவதிலோ ஒரு நாள் கதிர் வந்து படுக்கும்போது மெத்தை குளிர்ந்திருக்கட்டும். அடுத்த நாளும் அப்படியே. ஆணியில் தொங்கிய சட்டை இல்லை. யாரிடம் கேட்பது? என்ன பேர் சொல்லிக் கேட்பது? ஐந்தாம் தேதி வாடகை வாங்க வருகிறவர் புது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அன்றிலிருந்து காற்றாடி ஐந்தில். அவ்வளவுதான் காட்சி. அங்கே நீங்கள் ஒரு உவமை சேர்த்தாலும் கெட்டுப்போகும்.

மெத்தை நன்றாக அமைந்துவிட்டது என்ற உற்சாகத்தில் இதே அத்தியாயத்தில் உடைந்த கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, கூண்டுக் கிளி என்று அடுக்கிவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு பொருள் வேலை செய்யும்போது இன்னொன்று பக்கத்தில் நின்று கையைத் தட்டக்கூடாது. எனக்கு ஒரு சோதனை உண்டு. காட்சியை இலக்கியம் படிக்காத யாருக்காவது வாசித்துக் காட்டிவிட்டு, "அவன் என்ன செய்தான்?" என்று மட்டும் கேட்பேன். "என்ன உணர்ந்தான்" என்று கேட்கமாட்டேன். "காத்தாடியை மாத்தி வச்சான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கொஞ்சம் பேசாமல் இருந்தால் காட்சி தேறிவிட்டது. "பாவம், தனியா இருக்கான்" என்று உடனே சொன்னால் எங்கேயோ நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்தது தமிழ் நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் வசதி. அதை நீங்கள் தொடவே இல்லை. நம்மிடம் 'நாம்' இருக்கிறது, 'நாங்கள்' இருக்கிறது. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்தினால் நாங்கள். மலாயிலும் கித்தா, காமி என்று இதே பிரிவு உண்டு, ஆகவே கதிரின் காதுக்கு இது இரண்டு மொழியிலும் பழக்கம். உங்கள் தோட்டத்து அத்தியாயத்தில் எல்லாரும் 'நாம' என்றே பேசுகிறார்கள். "நாம நாளைக்குத் தைப்பூசத்துக்குப் போவம்", "நம்ம கோயில்", "நம்ம மண்டோரு". நகரத்து அத்தியாயங்களில் கதிரிடம் யாராவது 'நாம' என்கிறார்களா என்று தேடினேன். மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அவனிடம் 'நாங்க சமைச்சிட்டோம்' என்று சொல்லட்டும், 'நாங்க படத்துக்குப் போறோம்' என்று சொல்லட்டும். கெட்டவர்கள் இல்லை, பண்பாகத்தான் சொல்கிறார்கள். இருநூறு பக்கத்துக்கு ஒருவனை யாரும் 'நாம'வுக்குள் சேர்க்கவில்லை என்பதை எந்த வாசகனும் எண்ணிப் பார்க்கமாட்டான். ஆனால் எங்கோ ஓரிடத்தில் கிடங்கில் கூட வேலை செய்கிற பெண் "மழை விட்டதும் நாம போலாம்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது அவன் காதும் நிமிரும், வாசகன் காதும் நிமிரும்.

அதே கதிர் அம்மாவிடம் பேசும்போது என்ன சொல்வான்? ஞாயிற்றுக்கிழமை அழைப்பை நீங்கள் அழுகையாக எழுதியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் அம்மாவிடம் அழுவதில்லை தம்பி, பொய் சொல்வார்கள். "பசியாறிட்டியாப்பா?" என்பார் அம்மா. "பசியாறிட்டம்மா. நாங்க இன்னிக்குக் கோழி ஆக்கினோம்." இந்த 'நாங்க'வில் யாருமே இல்லை. அவன் கையில் மாமாக் கடையில் தாப்பாவ் வாங்கின ஒரு பொட்டலம்தான் இருக்கிறது. அம்மா விடமாட்டார், "எத்தனை பேருப்பா? காரம் போட்டீங்களா?" என்று கேட்பார். அவன் ஆளுக்கு ஒரு வேலை பிரித்துச் சொல்வான். ஒருத்தன் வெங்காயம் உரித்தான், ஒருத்தன் அரைத்தான். பொய் வளர வளர வீடு நிறையும். அப்புறம் அழைப்பை முடிக்க மனமில்லாமல், ஒன்றுமில்லாததை எல்லாம் கேட்பான். செவலை குட்டி போட்டுவிட்டதா, கொல்லை முருங்கையை வெட்டினார்களா, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பாட்டியைக் கண்டாலே ஓடியவன் அவன். அம்மாதான் கடைசியில் "சரிப்பா, வைக்கட்டுமா?" என்பார்.

இப்படி ஒருவன் வேண்டாததை எல்லாம் பேசுவதற்கு நம் மொழியிலேயே பழைய சாட்சி இருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் 'புலம்பே தனிமை' என்று ஒரு சூத்திரம் உண்டு. சூத்திரமே அவ்வளவுதான், இரண்டு சொல். புலம்பு என்றால் தனிமை என்று பொருள். இன்றைக்குப் புலம்பல் என்றால் ஓயாமல் பேசுவது. ஒரே சொல் தனித்திருப்பதிலிருந்து நிறுத்தாமல் பேசுவதற்கு நகர்ந்து வந்திருக்கிறது. தனியாக இருக்கிறவன் மௌனமாக இருப்பான் என்று நாவல்காரர்கள் நினைக்கிறார்கள், உங்கள் கதிரும் பக்கம் பக்கமாக மௌனமாக இருக்கிறான். நான் பார்த்த பையன்கள் அப்படி இல்லை. கைப்பேசிக்கு ரீலோட் போட வந்த கடையில் பத்து நிமிடம் நிற்பார்கள். தவறான எண்ணுக்கு வந்த அழைப்பில்கூட, "இல்லண்ணே, இது அவரு நம்பர் இல்ல. நீங்க எந்த ஊருண்ணே?" என்று இழுப்பார்கள்.

என் கதையையும் சொல்கிறேன், இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. 1984இல் நானும் கோலாலம்பூரில்தான் இருந்தேன். பத்தொன்பது வயது, ஒரு கடையில் ஸ்டோர் வேலை, சம்பளம் மாதம் முடிந்து எந்த நாள் வரும் என்று முதலாளிக்கே தெரியாது. சனிக்கிழமை ராத்திரி குளித்து, சட்டை மாற்றி, புடுராயா பஸ் நிலையத்துக்குப் போவேன். ஊருக்குப் போக இல்லை. மேலே டிக்கெட் முகப்புகளுக்கு முன்னால் ஆட்கள் நின்று கூவுவார்கள்: "ஈப்போ ஈப்போ ஈப்போ! பட்டர்வர்த்!" என் கையைப் பிடித்து இழுத்து, "தம்பி, ஈப்போவா? இப்பவே பஸ்" என்பார்கள். நான் "இல்லண்ணே, அடுத்த வாரம்" என்பேன். இன்னொரு முகப்புக்கு நகர்வேன், அங்கேயும் கையைப் பிடிப்பார்கள். ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே தீரும்வரை இப்படியே சுற்றிவிட்டு அறைக்கு நடந்துவிடுவேன். ஏழெட்டு மாதம் போயிருப்பேன். அன்றைக்கு யாராவது ஏன் போகிறாய் என்று கேட்டிருந்தால், பஸ் வேடிக்கை பார்க்க என்று சொல்லியிருப்பேன், அது பொய் என்றும் எனக்குத் தெரிந்திருக்காது. கதிருக்கும் இப்படி ஒரு இடம் வேண்டும். ஏன் போகிறோம் என்று அவனே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற இடம். பாத்திரத்துக்குத் தெரியாததை ஆசிரியர் பாத்திரத்தின் மனக்குரலில் சொல்லும்போதுதான் 'வெறுமை' எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கூட்டத்தைப் பற்றி. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தை நீங்கள் முகமற்ற வெள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கதிர் போகும் வழியை நான் மனதில் போட்டுப் பார்த்தேன். சுபாங் ஜெயாவில் ஏழு மணிக்கு ஷிப்ட் முடிகிறது, கிளானா ஜெயா தடத்தில் மஸ்ஜித் ஜாமெக் வந்து, அம்பாங் தடத்துக்கு மாறிச் செந்தூல் போக வேண்டும். ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இவன் தூங்கப் போகிறான். படிக்கட்டில் எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் ஈரத் தலையோடு வருகிறார்கள், பவுடர் மணக்கிறது, நெற்றியில் திருநீறு இன்னும் காயவில்லை, ஒரு மலாய்க்கார அம்மா மகளின் முக்காட்டு ஊசியை நடந்துகொண்டே சரிசெய்கிறார். இவன்மேல் அட்டைப்பெட்டித் தூசும் டேப் பசை வாடையும். எல்லாருக்கும் முகம் இருக்கட்டும், எல்லாரும் யாரோ வழியனுப்பி வைத்தவர்களாக இருக்கட்டும். அவர்களை எவ்வளவு பிரியத்தோடு எழுதுகிறீர்களோ அந்த அளவுக்குக் கதிர் ஓரத்துக்குப் போவான். நகரத்தைத் திட்டி எழுதினால் அது கதிருக்கு நீங்கள் கொடுக்கும் சலுகை.

பேர் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. கிடங்கில் அவனை லாக்கர் எண்ணால் கூப்பிடுகிறார்கள் என்று வைத்திருக்கிறீர்கள், அது சரியாக இருக்கிறது. அப்படியே விடுங்கள். பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்து கிளினிக்கில் உட்கார்ந்திருக்கட்டும். முகப்பில் இருக்கும் பெண் அட்டையைப் பார்த்து முழுப் பேரையும் வாசிப்பாள்: "கதிரவன் அனாக் லெலாக்கி முனியாண்டி." பத்து மாதத்தில் முதல் முறையாக அவன் பேர் காதில் விழுகிறது, கூடவே செத்துப்போன அப்பா பேரும் சேர்ந்து, வேற்றுமொழி உச்சரிப்பில். அவன் உடனே எழுந்திருக்காமல் இருந்தால் போதும். அவள் இன்னொரு முறை வாசிப்பாள்.

தோட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். நகரம் குளிர், தோட்டம் சூடு என்று கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். நாம் இருவரும் சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர்கள், நமக்குள் என்ன மறைவு? பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே வாய்தான் யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பதையும் கூப்பிட்டது. சம்சு, கடன், சாதி எல்லாம் லயத்திலேயே இருந்தது. கதிர் ஓடியதே எல்லாரும் கவனிக்கிறார்கள் என்பதால்தானே? ஆகவே முதல் இரண்டு மாதம் அவனுக்குக் கோலாலம்பூர் இனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோழி தின்கிறான், கேட்க ஆளில்லை. ராத்திரி மூன்று மணிக்குத் தெருவில் நடக்கிறான், கேட்க ஆளில்லை. 'கேட்க ஆளில்லை' என்ற இந்தச் சந்தோஷத்தை நன்றாக, தாராளமாக எழுதுங்கள், நாற்பது பக்கம் போனாலும் பரவாயில்லை. பின்னால் அதே இரண்டு சொல் வரிசை மாறாமல் இன்னொரு இடத்தில் வரும்போது உங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

உங்கள் இன்னொரு பாத்திரம், பிறையில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை விடுதியில் இருக்கும் சுமதி, எனக்குக் கதிரைவிடவும் பிடித்திருந்தாள். ஆனால் அவளை நாட்குறிப்பு எழுதவைத்துக் கெடுத்துவிட்டீர்கள். நாட்குறிப்பு எழுதும் பாத்திரம் என்றாலே ஆசிரியர் பின்வாசல் வழியாகத் தனிமையைச் சொல்லப் போகிறார் என்று பொருள். அதை எடுத்துவிட்டு, அம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ரைஸ் குக்கரை வையுங்கள். வீட்டில் பால் டின்னால் நான்கு டின் அரிசி போட்டுப் பழகிய பாத்திரம் அது. சுமதிக்குத் தேவை அரை டின். பெரிய குக்கரில் அரை டின் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றி அடி தீய்ந்துவிடும், சோறு மெல்லிய அடையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு டின் போட்டால் நன்றாக வேகும், ஆனால் பாதி மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கு ஆக்கி, மறுநாள் மிச்சத்தைத் தின்கிறாள். சின்னக் குக்கர் வாங்கக் கடைக்குப் போகிறாள், கையில் எடுத்துப் பார்க்கிறாள், விலை எண்பது வெள்ளிகூட இல்லை. வாங்காமல் வந்துவிடுகிறாள். ஏன் வாங்கவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

தீபாவளிக்குக் கதிர் ஊருக்கு வரும் அத்தியாயத்தை இன்னும் எழுதவில்லை என்று சொன்னீர்கள். ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான், ஆனால் அவன் வந்து இறங்கும் இடம் அவன் மனதில் வைத்திருக்கும் இடமாக இருக்கக்கூடாது. இன்றைய தோட்டத்தை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். லயத்தில் பாதி வீடு பூட்டு. மிச்சத்தில் பாதி வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியர்கள். கதிர் வயசுதான் அவர்களுக்கும், அவனைப் போலவே ஊரை விட்டு வந்து ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்திருக்கிறார்கள். அவன் அம்மா முறுக்குச் சுட்டு அந்தப் பையன்களுக்கும் ஒரு தட்டு கொடுக்கிறார். அவர்களில் ஒருவன் அவரை 'அம்மா' என்று கூப்பிடுகிறான், அவருக்குப் பழகிப்போய் திரும்பிப் பார்க்கிறார். கதிர் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறான். இங்கே பொறாமை, நெகிழ்ச்சி என்று எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவன் எழுந்து போய்க் காலித் தட்டை வாங்கி வரட்டும், அந்தப் பையன் பேரைக் கேட்கட்டும். பினாங்குக்காரனிடம் கேட்காததை இவனிடம் கேட்கிறான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

'தனி' என்ற சொல்லை நாவல் முழுக்க ஒரே ஒரு முறை வைக்க உங்களுக்கு அனுமதி தருகிறேன், அதுவும் கதிருக்கோ சுமதிக்கோ இல்லை. திரும்பிப் போகும் நாளில் அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டே கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டைக் காட்டிச் சொல்லட்டும்: "இன்னொன்னு வாங்கி விடணும்ப்பா. தனியா கெடந்தா தீனி எடுக்க மாட்டேங்குது." கதிர் பையின் ஜிப்பை இழுக்கிறான், அது பாதியில் சிக்கிக்கொள்கிறது. அம்மா வந்து பிடித்துக்கொள்கிறார், அவன் இழுக்கிறான்.

அடுத்த வரைவு முடிந்ததும் தபாலில் அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள், பசியாறிக்கொண்டே படிக்கலாம்.